கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கும்போது காலுக்கு எது?

கவுட் வந்து கால் கட்டைவிரல் வீங்கிக் கிடப்பவரிடம் வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “ஷூ எல்லாம் வேண்டாம், லூசா ஒரு செருப்பை மாட்டிக்கோங்க.” அந்த லூசான செருப்பு பெரும்பாலும் வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பாகத்தான் இருக்கும். முன்பக்கம் திறந்திருக்கிறது, எடை இல்லை, மிதித்தால் மெத்தென்று இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு வலிக்கு அதைவிடப் பொருந்தாத செருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால், எது ஆகும் என்பதைக் கடையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வலிக்கும் இடத்தைப் பார்ப்போம். கட்டைவிரல் பாதத்தோடு சேருமிடத்தில், உட்புறமாகப் புடைத்துத் தெரியும் மூட்டு அது. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டி நீண்ட காலம் இருந்தால், அது ஊசி ஊசியான நுண்படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கும். பாதம் உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியானது. குளிர்ச்சியில் படிகம் எளிதாகச் சேரும். கவுட் பலருக்கு முதலில் இந்த மூட்டைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாள் ராத்திரி உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் படிகங்களைத் தாக்கக் கிளம்பும். விடிவதற்குள் மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுடும். ஒரு நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். மருந்தை உடனே தொடங்கினால் அதற்கு முன்பே அடங்கும்.

செருப்பு இந்த அழற்சியைக் குணப்படுத்தாது. அது மருந்தின் வேலை. செருப்பால் ஆகக்கூடியது, குளியலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் அந்தச் சில பத்து அடிகளைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது. அதற்கு அந்த மூட்டு நம்மிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: என்னைத் தொடாதே, என்னை மடக்காதே, என்னை வைத்து எதையும் பிடிக்காதே.

தொடாதே என்பதை விளக்க வேண்டியதில்லை. போர்வை பட்டாலே துடிப்பவர்கள் அவர்கள். மற்ற இரண்டும்தான் யாரும் கவனிக்காதவை. நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும்பும் கணத்தில், கட்டைவிரல் தரையிலேயே ஊன்றியிருக்க, பாதம் மட்டும் மேலே போகிறது. அதாவது அந்த மூட்டு மேல்நோக்கி மடங்குகிறது. சாதாரண நடையில் 40 டிகிரிக்கும் மேல் மடங்க வேண்டியிருக்கும், அதுவும் உடல் எடை முன்னால் சாயும் அதே நேரத்தில். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை. வீங்கிய மூட்டுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இப்போது ஹவாய் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு குமிழ் நுழைகிறது. அங்கிருந்து பிரியும் இரண்டு வார்களில் உட்பக்கத்து வார் சரியாக அந்த மூட்டின் மேல்புறத்தை உரசிக்கொண்டுதான் பின்னால் போகிறது. பின்வார் கிடையாது என்பதால் செருப்பு கழன்று போகாமலிருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. நமக்குத் தெரியாமலேயே பிடிக்கிறோம், பழக்கம். அடிப்பாகமோ இரண்டாக மடித்துப் பைக்குள் வைக்கிற அளவுக்கு வளைகிறது, ஆகவே மூட்டும் அதோடு வளைகிறது. தொடுகிறது, மடக்குகிறது, பிடிக்க வைக்கிறது. மூன்றிலும் தோல்வி. கட்டைவிரலை ஒரு தோல் வளையத்துக்குள் நுழைக்கும் பழைய மாடல் செருப்புகளுக்கும் இதே கதைதான். அவற்றில் வீங்கிய விரல் நுழையவே நுழையாது என்பது ஒரு வகையில் நல்லது.

அடுத்ததாக எல்லோரும் கைவைப்பது ஒற்றைப் பட்டை போட்ட ஸ்லைடு செருப்பு. விரலிடுக்கில் குமிழ் இல்லை, அகலமான பட்டை, உள்ளே பஞ்சு. ஆனால் அந்தப் பட்டை பாதத்தின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். பாதத்தின் மிக அகலமான இடத்தில், அதாவது வீக்கத்தின் நடு உச்சியில். போதாக்குறைக்கு அதைப் போடும்போது காலை ஒரு குகைக்குள் தள்ளுவது போல முன்னால் தள்ள வேண்டும். முதலில் முட்டுவது எது என்று சொல்லத் தேவையில்லை. பட்டை வெல்க்ரோவால் முழுதாகத் திறக்கக்கூடியதாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. இருந்தாலும் பின்வார் இல்லாத குறை தீராது.

ஆக, ‘மெத்தென்ற, லூசான செருப்பு’ என்ற வழக்கமான அறிவுரையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மென்மை மேலே வேண்டும், கீழே உறுதி வேண்டும். பாதம் படும் மேல்தளம் ஒரு விரற்கடை மெத்தையாக இருக்கட்டும். அதற்குக் கீழே இருக்கும் சோல் எளிதில் வளையக் கூடாது. முழுக்க முழுக்கப் பஞ்சாக இருக்கும் செருப்பில் நின்றால் சுகமாகத் தெரியும், நடந்தால்தான் குட்டு வெளிப்படும்: முன்பாதம் பஞ்சில் அமிழ, குதிகால் எழும்ப, மூட்டு வழக்கத்தைவிட அதிகமாகவே மடங்கும். கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. செருப்பின் குதிகால் முனையை ஒரு கையிலும் விரல் முனையை இன்னொரு கையிலும் பிடித்து, இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்துங்கள். நடுவிலோ விரல் பகுதியிலோ சுலபமாக மடிந்தால் கீழே வைத்துவிடலாம். விரல் பகுதியில் லேசாக மட்டும் அசைந்து, விறைப்பாக எதிர்த்தால் அது நமக்கானது. விரல் பக்கம் சோல் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. மூட்டு மடங்காமலே பாதம் உருண்டு முன்னேறிவிடும். ஆனால் அந்த வளைவு அதிகமாக இருந்தால் வயதானவர்கள் தள்ளாடுவார்கள். எழுபதைத் தாண்டியவருக்கு வாங்குவதானால், தட்டையான விறைப்பான சோலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எம்.சி.ஆர். செருப்பு பற்றிப் பலரும் கேட்பார்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமலிருக்க வேலூரிலும் பக்கத்திலிருக்கும் கரிகிரியிலும் நடந்த பணிகளோடு சேர்ந்து வளர்ந்த பொருள். இன்று சர்க்கரை நோயாளிகளின் செருப்பு என்ற பெயரில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உணர்ச்சியே இல்லாத பாதமும், தொட்டாலே துடிக்கும் பாதமும் நேரெதிரானவை. ஆனாலும் இரண்டாலும் செருப்பை விரலால் பிடிக்க முடியாது. அதனால்தான் முறையாகச் செய்யப்பட்ட எம்.சி.ஆர். செருப்பில் விரலிடுக்குக் குமிழ் இருக்காது, பின்வார் இருக்கும், வார்களை வெல்க்ரோவால் தளர்த்தலாம், மென்மையான தளத்துக்கு அடியில் கெட்டியான இன்னொரு சோல் ஒட்டியிருக்கும். இவை அத்தனையும் கவுட் காலுக்கும் தேவையானவையே. ஒரே எச்சரிக்கை, இந்தப் பெயரில் விற்பதெல்லாம் அப்படி இல்லை. சாதாரண ஹவாய் வடிவத்தில் மேல்தளத்தை மட்டும் மாற்றி எம்.சி.ஆர். என்று விற்கிறார்கள். பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்.

வார்கள் எங்கே இருக்க வேண்டும்? ஒன்று புறங்காலில், அதாவது கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாதம் மேடாக எழும்பும் இடத்தில். இன்னொன்று குதிகாலைச் சுற்றி. இந்த இரண்டும் சேர்ந்து செருப்பைப் பாதத்தோடு கட்டிவிடும். முன்பாதத்துக்கு எந்த வேலையும் இராது. விரல்களுக்கு அருகே மூன்றாவது வார் ஒன்று இருந்தால், அது முழுதாகத் திறந்து ஓரமாக விடக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லா வார்களையும் திறந்து போட்டுவிட்டு, பாதத்தை மேலிருந்து நேராக இறக்கி வைத்து, பிறகு மூட முடியுமா என்று பாருங்கள். காலை நுழைக்க வேண்டிய செருப்பு எவ்வளவு அகலமானாலும் இந்த நாட்களுக்கு உதவாது.

சர்ஜிக்கல் கடைகளில் இதே தத்துவத்தில் ஒரு காலணி ரெடிமேடாகவே கிடைக்கும். பாதத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கட்டோடு சேர்த்துப் போட்டுவிடுவது. மரப்பலகை மாதிரி வளையாத சோல், விரல் பக்கம் திறந்த துணி மேலுறை, அகலமான வெல்க்ரோ பட்டைகள். போஸ்ட் ஆப் ஷூ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பார்க்க அழகாக இராது, வேலையைச் செய்யும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சோல் தடிமனாக இருப்பதால் ஒரு கால் உயர்ந்து, ஒரு கால் தாழ்ந்து, இரண்டு நாளில் இடுப்பு வலிக்கத் தொடங்கும். மற்றக் காலுக்கும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஒரு செருப்பைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, இதே வரிசையில் முன்பாதத்துக்கு அடியில் சோலே இல்லாமல் குதிகாலில் மட்டும் நிற்க வைக்கும் ஒரு மாடல் இருக்கும். அது பாதப் புண்ணுக்கானது. முன்பாதத்தில் எடையே விழாது என்பது கேட்க நன்றாக இருந்தாலும், பழக்கமில்லாதவர் அதில் பின்னால் சாய்ந்து விழுவார். மருத்துவர் சொல்லாமல் அதை வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் எல்லோரும் எடுக்கும் குறுக்குவழி ஒரு நம்பர் பெரிதாக வாங்குவது. 8 போடுபவர் 9 வாங்குவார். நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலத்தில் கிடைப்பதோ அதிகம் போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வீக்கம் இருப்பது பக்கவாட்டிலும் மேலேயும். நமக்குக் கிடைப்பது முன்னால் காலி இடம். அந்தக் காலி இடத்தில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கி, விரல் முட்டும். ஆகவே அதே நம்பரில் அகலமான மாடலைத் தேடுவதே சரி.

அளவெடுக்க நோயாளியைக் கடைக்கு இழுத்துப் போக வேண்டாம். ஒரு காகிதத்தைத் தரையில் வைத்து, சாயங்கால நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதத்தை அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். பேனாவை நேராகப் பிடித்து, மூட்டுப் பக்கம் வரும்போது தோலில் படாமல் விலகி, பாதத்தின் உருவத்தை வரையுங்கள். எழுந்து நின்றால் பாதம் கொஞ்சம் விரியும் என்பதால், கோட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுங்கள். இந்தக் காகிதப் பாதத்தைக் கடையில் செருப்பின் மேல்தளத்தில் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் எங்கும் மடங்காமலும் தொங்காமலும் படுத்திருக்க வேண்டும்; விரல் முனைக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் மிச்சமிருந்தால் போதும். மேல்நோக்கிய வீக்கத்தைக் காகிதம் காட்டாது. அதற்காகத்தான் திறந்த முன்பக்கம் வேண்டும் என்கிறேன்.

ஆனால் வலி வருவது ராத்திரி ஒரு மணிக்கு. அப்போது எந்தக் கடை திறந்திருக்கும்? எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு இப்படித்தான் இடது கட்டைவிரலில் பிடித்துக்கொண்டது. காலையில் பார்க்கப் போனபோது, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, போர்வையை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தார். “துணி பட்டாலே உசுரு போவுது தம்பி, இதுல செருப்பா?” என்றார். நியாயம்தான். முதல் நாளில் கட்டிலை விட்டு எழும்பாமல் இருப்பதே சிறந்த செருப்பு. காலை உயர்த்தி வைப்பது, துண்டில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் போல வைத்து எடுப்பது, டாக்டர் எழுதித் தந்த மருந்து, அவ்வளவே. ஆனாலும் பாத்ரூமுக்குப் போகத்தானே வேண்டும்? வெறுங்காலோடு குதிகாலில் நொண்டிப் போய், ஈர டைல்ஸில் வழுக்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு தப்பியிருந்தார்.

அவர் வீட்டில் இருந்ததை வைத்தே ஒன்றைத் தயார் செய்தோம். அவர் மகன் கல்லூரிக்குப் போட்டுக் கழித்த ஒரு சாண்டல், கெட்டிச் சோல், மூன்று வார்: விரல்களுக்கு மேலே ஒன்று, புறங்காலில் ஒன்று, குதிகாலில் ஒன்று. மகன் கால் அப்பாவின் காலைவிட அகலம். முன்வாரை பிளேடால் வெட்டி எடுத்தோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வார் சோலுக்குள் நுழையும் இடம்வரை ஒட்ட வெட்ட வேண்டும். உட்பக்கத்தில் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றாலும், அது நேராக வீங்கிய மூட்டின் பக்கவாட்டில்தான் குத்தும். வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறை மழித்துவிட்டு, புறங்கால் வாரைத் திறந்து, பாதத்தை மேலிருந்து இறக்கி வைத்து மூடினோம். பிறகு அவரை எழுந்து நிற்க வைத்து, ஒரு காகிதத் துண்டை மூட்டுக்கும் செருப்பின் எல்லாப் பாகங்களுக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்தோம். எங்கும் சிக்கவில்லை. “இது எந்தக் கம்பெனி செருப்பு?” என்று அக்கா கேட்டார்கள். அண்ணாச்சிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

பழைய கேன்வாஸ் ஷூதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் மூட்டுக்கு நேராக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போடுவார்கள் பாருங்கள், அதைச் செய்யாதீர்கள். வீங்கிய தசை அந்த ஓட்டை வழியே பிதுங்கி, ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் பதிந்து, முன்பைவிட மோசமாக வலிக்கும். வெட்டுவதானால் விரல் நுனியிலிருந்து மூட்டுக்குப் பின்னால் இரண்டு விரற்கடைவரை மேல்துணி முழுவதையும் எடுத்துவிட வேண்டும். கயிறு கட்டும் பகுதியும் குதிகால் பகுதியும் மட்டும் மிஞ்சட்டும்.

வீட்டுக்குள் செருப்பா என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவதுதான் வழக்கம், அதுவும் பெரியவர்கள் பூஜை அறை இருக்கும் வீட்டில் செருப்போடு நடக்க மனம் ஒப்ப மாட்டார்கள். வெளியே போகாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்று தனியாகக் கழுவி வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. கடினமான தரையில் மூட்டு மடங்காமல் காக்க எதுவும் இல்லை, ஈரமென்றால் வழுக்கவும் செய்யும். செருப்பு அடியில் வரிப்பள்ளங்கள் தேய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றுங்கள். துளை போட்ட, முன்பக்கம் உருண்டையான ரப்பர் கிளாக் வகை விரல்களுக்கு நல்ல இடம் தரும், தடித்த சோலும் பின்வாரும் உண்டு. வீக்கம் பாதியாகக் குறைந்த பிறகு அது பலருக்கு ஒத்துவருகிறது. உச்ச நாட்களில் அதன் கூரை மூட்டில் தட்டும். தேய்ந்த பழைய கிளாக் ஈரத் தரையில் மிக மோசமாக வழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சாக்ஸ் போடும் வழக்கமுள்ளவர்கள் அந்த வாரம் விட்டுவிடலாம். குளிர் ஊரில் இருப்பவர்கள் பழைய, இழுத்து இழுத்துத் தொய்ந்த பருத்தி சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் விரல் பக்கத் தையல் தோலில் அழுந்தாது. வீக்கம் இறங்கும் என்று கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். வலி கூடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. மெட்டி போட்டிருக்கும் பெண்கள், வலி தொடங்கியவுடனே அதைக் கழற்றிவிட வேண்டும். மெட்டி இருப்பது பக்கத்து விரலில்தான், ஆனால் வீக்கம் அங்கேயும் பரவும். பிறகு சோப்பு போட்டு இழுத்தாலும் வராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கவுட் வரும், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு. ‘ஆம்பளைங்க நோய்’ என்று நினைத்து மெட்டியோடு இரண்டு நாள் பொறுத்திருப்பவர்கள் உண்டு.

சரியான செருப்பு கிடைத்த பிறகும் நடையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அடியைச் சின்னதாக வையுங்கள். பாதத்தை முழுதாகத் தட்டையாக ஊன்றித் தட்டையாகவே தூக்குங்கள். நுனியைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி நடந்தால் எடை கட்டைவிரல் மேல் உருளாமல் ஓரமாகப் போய்விடும். ஊன்றுகோல் பிடிப்பவர் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் தப்பாகப் பிடிப்பது இதைத்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

செருப்பு சரியில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கழற்றியவுடன் பாதத்தைப் பாருங்கள். புறங்காலில் வாரின் தடம் லேசாகத் தெரிந்து சில நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மூட்டுக்கு அருகில் எங்காவது கோடோ பள்ளமோ விழுந்திருந்தால் அங்கே ஏதோ அழுத்துகிறது. கட்டைவிரலின் அடியில், பந்து போன்ற பகுதியில் நடந்த பிறகு வலி கூடியிருந்தால் சோல் வளைகிறது என்று பொருள். பாதத்தின் வெளி ஓரத்திலோ கெண்டைக்காலிலோ புதிதாக வலித்தால், செருப்பு காரணமல்ல, வலியைத் தவிர்க்கக் கோணலாக நடக்கிறீர்கள். நடப்பதையே குறைக்க வேண்டும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனைகள் போதாது. வார் அழுத்துவது அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். தினமும் யாராவது ஒருவர் பாதத்தை அடியிலிருந்து விரலிடுக்குவரை பார்க்க வேண்டும். ஐஸ் வைப்பதையும் டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். வெட்டித் தயார் செய்த வீட்டுச் செருப்பு அவர்களுக்கு வேண்டாம். அதே போல, வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ, மூட்டின் மேல் புண்ணோ சீழோ தெரிந்தாலோ, அது கவுட்தான் என்று நாமே முடிவு கட்டிவிட முடியாது. மூட்டுக்குள் கிருமித் தொற்று ஏற்பட்டாலும் இப்படியே சிவந்து வீங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி வருகிறவரும் செருப்பைத் தேடுவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பழைய செருப்புக்கு எப்போது திரும்பலாம்? வீக்கம் வடியும்போது அந்த இடத்தில் தோல் அரித்து, உரிந்து வரும். அது நல்ல அறிகுறி. ஆனால் தோல் உரிவதை வைத்து முடிவு செய்யாமல், உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலைக் கையால் மெல்ல மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். மற்றக் கால் விரல் போகிற தூரம் இதுவும் வலியில்லாமல் போனால் மாற்றிக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு நாள், வலி இல்லையே என்று ஹவாயை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனவர் மத்தியானம் மூட்டைக் கையால் பிடித்தபடி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு மகனின் சாண்டல் கடையிலேயே கிடந்தது.

ஷூ கட்டாயமான வேலையில் இருப்பவர்கள் டாக்டர் கடிதத்தைக் காட்டி அந்த வாரம் திறந்த காலணிக்கு அனுமதி வாங்குவதே நல்லது. அடிக்கடி கவுட் வருபவர்கள் சாதாரண நாட்களுக்கு ஷூ வாங்கும்போதும், கூர்முனை மாடலை விட்டுவிட்டு, முன்பக்கம் அகலமான, கயிறைத் தளர்த்தினால் வாய் நன்றாக விரியும் மாடலாகப் பார்த்து வாங்கலாம். யூரிக் அமிலம் 6-க்குக் கீழே நிற்கும்படி தொடர் மருந்து எடுப்பவர்களுக்கு வலி வருவது காலப்போக்கில் குறைந்துவிடும். ஆனால் அந்த மருந்தைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஓரிரு தடவை வலி தலைகாட்டுவது சகஜம். வெட்டிய சாண்டலைத் தூக்கி எறிந்துவிடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருங்கள்.

கியர் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல். நம் ஊர் பைக்குகளில் கியர் இடது காலில் இருக்கிறது. கியரை மேலே தள்ள லீவருக்கு அடியில் பாதத்தைக் கொடுத்துத் தூக்கும்போது, அந்த இரும்புக் கம்பி சரியாக இந்த மூட்டின் மேல்தான் வந்து உட்காரும். வலதுகால் என்றால் பிரேக்கை அவசரத்தில் அழுத்த முடியாது. ஸ்கூட்டர் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் சிக்னலில் சட்டென்று காலை ஊன்ற வேண்டியிருக்குமே. அந்த வாரம் யாராவது ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போங்கள். இறங்கும்போது நல்ல காலை முதலில் தரையில் வையுங்கள்.